சுகன்யா தாண்டிப் போகும் கேள்வி

பெரம்பலூர்
12.11.2006

அன்பு மகன் அருள்முருகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். மழையில் வெங்காயம் பாதி அழுகிப்போச்சு, மண்டியில் வேலை இல்லை. போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று அழுவாள், அதனால் லீவு முடிந்து வரும் ராசாங்கத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நிச்சயத்தன்று நீ கொடுத்த போனில் சுகன்யா லேட்டாகப் பதில் போடுகிறாள், போட்டாலும் ம், சரி என்று முடிக்கிறாள், திமிர் பிடித்தவள், கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தாய். அவள் ஊர் வரதராஜன்பேட்டைக்கே போய்ப் பார்த்தேன். அந்த போன் அவள் கையில் இல்லையடா, அவள் அப்பா கிருஷ்ணமூர்த்தி சட்டைப்பையில் கிடக்கிறது. முந்திரிக் கொல்லைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார், அங்கே டவரும் இல்லை. லேட்டுக்கு அதுதான் காரணம். அவர் எதிரில் நிற்க, ஒரு எழுத்துக்கு மூன்று தடவை பட்டனை அமுக்கி, வெளிநாட்டு மெசேஜுக்கு கார்டில் காசு போகுதே என்று பயந்து அடிக்கிறாள், நீளமாக எப்படி வரும்? நீயும் ஒரே மெசேஜில் நாலு கேள்வி கேட்கிறாய், யாராக இருந்தாலும் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் போடுவார்கள். புதுசில் எல்லாரும் இப்படித்தான், இதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை.

என் கவலை வேறு. அந்த போனை வாங்கி எல்லா மெசேஜையும் படித்துப் பார்த்தேன். என்னைப் பிடிச்சிருக்கா என்று நீ தனியாக, வேறுவேறு நாளில் கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் கேட்டதற்கும் பின்னால் கேட்டதற்கும் பதில் இருக்கிறது, அதற்கு மட்டும் இல்லை. அவளாக உன்னை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. சரக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாத ஆள், என்ன விலைக்கு எடுப்பாய் என்று கேட்டால் மட்டும் மழையைப் பற்றிப் பேசுவான், அதை நான் நிறையப் பார்த்தவன். தன் அப்பா படிக்கிறாரே என்ற கூச்சமாகவும் இருக்கலாம் என்று, திருமழபாடி கோயிலுக்கு அவளைக் கூட்டிப்போய் அம்மாவைத் தனியாகக் கேட்கச் சொன்னேன். அத்தை, அதை மட்டும் கேக்காதீங்க என்றாளாம்.

பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று பிரஸ்ஸில் சொல்லிவிட்டேன். விருப்பமில்லாத பெண்ணை நம்ம வூட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. திமிர் என்று காரணம் சொல்லி நீ நிறுத்தினால் அவள் வூட்டில் அவளை என்ன செய்வார்களோ, அந்தப் பயம் இன்னும் பெரிசு. அடுத்த ஞாயிறு அம்மா மறுபடி அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போவாள். காலை பத்து மணிக்கு அம்மா போனுக்குப் பேசு. நீ வேண்டாம் என்றாலும் பழியை நான் ஏற்கிறேன், உன்மேல் விழாது என்று முதலில் அவளிடம் சொல், அப்புறம் கேள். என்ன சொன்னாலும் கட்டுப்படு.

சாமி உனக்கு நிதானத்தைக் கொடுக்கட்டும், நல்லா இரு. ஒன்று மறக்காதே, அதுவரை கோபமாக ஒரு மெசேஜும் போடாதே, அவள் அப்பாதான் முதலில் படிப்பார். ஞாயிறன்று அவள் பேசாமலே நின்றால் லைன் போச்சு என்று வைத்துவிடாதே. காத்திரு.

உன் அப்பா,
அய்யம்பெருமாள்