வேலணையில் இன்னொரு தையல்நாயகி

சுதுமலை,
14.8.1974

வேலணை கந்தப்பு தையல்நாயகி அவர்கட்கு,

நலம். நீங்களும் தாயாரும் நலமாயிருக்க அம்மன் துணை. முன்பின் அறியாத ஒருத்தி எழுதுகிறேன். இதற்குள் இருக்கும் அரசாங்கக் கடிதத்தை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அது உங்களுடையது. இம்மாதம் 23ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு எழுதுவினைஞர் வேலைக்கான நேர்முகப் பரீட்சை. பிறப்புப் பத்திரம் கட்டாயம் கொண்டு போக வேண்டும்.

அது என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் பெயரும் கந்தப்பு தையல்நாயகிதான். பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் க. புஷ்பம் மூன்று பேர். வாத்தியார் ஊரின் முதலெழுத்தையும் முன்னால் போட்டு சு. க. புஷ்பம், தா. க. புஷ்பம், மா. க. புஷ்பம் என்று வரவு இடாப்பில் பிரித்து வைத்தார். நானும் எனக்கு ஊரெழுத்துப் போடுங்கோ என்று கேட்டேன். "உந்தக் கிழவிப் பேரை வேறை ஆர் பிள்ளை வைக்கப் போகினம்?" என்று சிரித்துவிட்டார். பெட்டையள் 'தையல் மெசின்' என்று கூப்பிட்டதுதான் மிச்சம். பிறப்புப் பத்திரத்தில் ஊர் பெயரோடு சேர்வதில்லை, அதனால் விண்ணப்பத்தில் நானும் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் எழுதிய சோதினையில் க. தையல்நாயகி சித்தியடைந்ததாகப் பேப்பரில் வந்தவுடன் அம்மா ஊரெல்லாம் மோதகம் கொடுத்தா. பிறகு இந்தக் கடிதம் வந்தது. அதிலிருந்த சோதினைச் சுட்டெண்ணைப் பார்த்தேன், என்னுடையது இல்லை. அனுமதி அட்டையை எடுத்துக்கொண்டு கடிதம் அனுப்பிய கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த எழுதுவினைஞர் பழைய பெட்டியைக் கிளறி, "இஞ்சை பாருங்கோ தங்கச்சி, ரெண்டு விண்ணப்ப மட்டை கிடக்குது. தேப்பன் பேரும் ஒண்டு, பிள்ளையின்ரை பேரும் ஒண்டு. ஒராளே ரெண்டு தரம் போட்டிட்டா எண்டு நினைச்சு, மேலை கிடந்த விலாசத்துக்கு அனுப்பிப்போட்டம்" என்றார். கீழே கிடந்த மட்டையில் வேலணை விலாசம். பிறந்த திகதி என்னுடையதுக்குப் பதினொரு மாதம் பிந்தியது.

கந்தப்பு நாட்டில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் தையல்நாயகி என்பது கரவெட்டியில் செத்துப்போன என் அப்பாச்சியின் பெயர். என் தகப்பன், அப்பு, மாதா மாதம் புகையிலை எடுக்க வேலணைக்குப் போய் நாலு நாள் நின்று வருவார். பஸ்ஸில் வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. தன் தாயின் பெயரை இரண்டு ஊரில் இரண்டு மகள்மாருக்கு வைத்திருக்கிறார் மனுசன்! கோபத்தில் அழுதேன், மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மூன்று வருசத்துக்கு முந்தி அப்புவின் செத்தவீட்டன்று ஒரு தாயும் மகளும் வீட்டுக்கு வரும் ஒழுங்கை முகப்பில் நின்றதாகவும் மாமாமார் உள்ளே விடவில்லை என்றும் சொன்னா. நான் உள்ளே அழுதுகொண்டிருந்தேன், சத்தியமாய்க் காணவில்லை. பிறகு அம்மா, "பேர் உன்ரை பேர். தேப்பன் உன்ரை தேப்பன். பேந்தென்ன? வாயை மூடிக்கொண்டு போய் வேலையை எடு. அவளின்ரை பெட்டைக்கு நீ தூக்கிக் குடுக்கிறியோ?" என்று கத்தினா. சோதினையில் சித்தியடைந்தது நான் இல்லை அம்மா என்றேன். இரண்டு நாளாக என்னோடு கதைக்கிறா இல்லை. கதைக்காவிட்டால் கிடக்கட்டும். எனக்கும் அந்த வேலை வேண்டும், வருகிற வருசம் திரும்ப எழுதி நானே எடுப்பேன்.

நான் யோசித்ததைச் சொல்கிறேன். அப்பு கரவெட்டியார். கலியாணம் முடித்து அம்மாவின் ஊருக்கு வந்தவர். ஆகவே எனக்கு ஊர் அம்மா தந்தது, உங்களுக்கு ஊர் உங்கள் அம்மா தந்தது. அதை ஒருவரும் பிடுங்க ஏலாது. அப்பு தந்த தன் பெயர் ஊருக்கும் எங்கள் பெயருக்கும் நடுவில் நிற்கிறது. நாளைக்குக் கலியாணம் முடித்தால் அந்த இடத்துக்குப் புருசன் பெயர் வந்துவிடும். அதுவரைக்கும் அது எங்கள் இரண்டு பேருக்கும் சமம். இனி எந்தக் கடுதாசியிலும் ஊரை முன்னால் எழுதுங்கள், நானும் எழுதுவேன். கந்தோருக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தபாலை நம்பாமல் வேலணைச் சந்தைக்கு வரும் புகையிலைத் தரகர் செல்லத்துரையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கிடைத்ததென்று ஒரு வரி அவரிடமே எழுதிக் கொடுங்கள்.

ஒன்று மட்டும், தங்கச்சி. நீங்கள் போட்டு எழுதிக் களைத்துப்போனேன், இனி நீ என்றே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அந்த மேசைக்கு முன்னால் தகப்பன் பெயர் என்ன என்று கேட்பார்கள். ஒழுங்கை முகப்பில் நின்ற பிள்ளை மாதிரிச் சொல்லாதே. தலையை நிமிர்த்தி, கந்தப்பு என்று சத்தமாய்ச் சொல்லு. நான் வாசலில் நிற்பேன், எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புள்ள அக்கா,
சுதுமலை கந்தப்பு தையல்நாயகி