ஜெசிந்தாவுக்கு அனுப்பிய மெசேஜ்

ஒக்டோபர் 12, ஞாயிறு

தூறல். சேர்ச்சில் தமிழ்ப் பூசை; ஜெசிந்தாதான் பாடகர் குழுவை இழுத்துப் போனாள். என்ன குரல்! ஆனால் பாட்டுக் கொப்பி பிடித்த கை நடுக்கம். பிறகு தன் பிளாஸ்கில் இரண்டு மிடறு குடித்தாள், நடுக்கம் நின்றது. கிட்டப் போனால் வைன் மணம். காலை பத்தரை மணிக்கு.

குழுவில் மூத்த ரீட்டா அக்காவும் கண்டுவிட்டார். “மன்றாட்டுப் பெட்டிக்க அவளின்ர பேரை எழுதிப் போடு. ஃபாதர் செபிப்பார்.” மைக்கில் பெயரோடு வாசிப்பார்களே. அக்காவுக்கு நல்ல மனம்தான். துண்டில் “ஜெசி” வரை எழுதி, கிழித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

13, திங்கள்

லீவு. சலவை. பாண், முட்டை வாங்க வேணும்.
மெசேஜ் மூன்று தரம் எழுதி அழித்தது. “பிள்ளைகளை நினை” – அழி. “மாதா மேல சத்தியம் பண்ணு” – அழி. மூன்றாவது முழுக்கப் புத்திமதி. அவளுக்குப் புத்தி சொல்ல நான் யார்? வீடு தந்த கவுன்சிலோடு ஏழு மாதம் மல்லுக்கட்டி என் வீட்டுச் சுவர்ப் பூஞ்சணத்தை எடுப்பித்தவள்.

14, செவ்வாய்

பின்னேரம் சரிவராது, குடித்திருப்பாள். 10.05, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அனுப்பினேன்:

“ஜெசி, நீ எனக்கு எவ்வளவு முக்கியம் எண்டு தெரியும்தானே. ஞாயிறு உன்ர கை நடுங்கினதைக் கண்டன். போன கிழமை இரவு போனில கதைச்சது காலமை உனக்கு ஞாபகம் இல்லை எண்டாய். குடிக்கிறது கூடிப் போச்சோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. நான் பிழையா விளங்கியிருக்கவும் கூடும். எப்பிடி இருக்கிறாய்? கதைக்கோணும் போல இருந்தா நான் இருக்கிறன். பதில் போடாட்டியும் பரவாயில்லை.”

இரண்டு நீலக் கோடு. வாசித்துவிட்டாள்.

15, புதன்

வெயில். பதில் இல்லை. இன்னொன்று அனுப்பக் கை துடித்தது. போனை அலமாரிக்குள் வைத்துவிட்டு ரொட்டி சுட்டேன். இருபது வருடச் சிநேகிதம். கோபித்துவிட்டாளோ?

16, வியாழன்

காலையில் அவளே போன் எடுத்தாள்.
“எட்டுத் தரம் வாசிச்சன். எங்க ஏசியிருக்கிறாய் எண்டு தேடினன்.” அழுகை. பிறகு, “இண்டையோட ஒரேயடியா விடுறன்.”
“சடாரெண்டு விடாதை ஜெசி.”
“அப்ப குடிக்கச் சொல்லுறியோ?”
“டொக்டரைக் கேக்கும் மட்டும் பொறு. காலமை கை நடுங்கிற ஆக்கள் திடீரெண்டு நிப்பாட்டினா வலிப்பு வரும். வேலையில, கெயார் ஹோமில என்ர கண்ணால கண்டனான்.”
அவளே தன் டொக்டருக்கு, ஜிபிக்கு, போன் அடித்தாள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ரிசெப்ஷனில் தன் வாயாலேயே சொன்னாளாம். எனக்கு அந்தத் துணிவு வராது.

17, வெள்ளி

ஜிபி, 9.20. “நீ வெளியில இருந்தாக் காணும்” என்றுதான் கூட்டிப் போனாள். பெயர் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தவள் திரும்பினாள்.
“உள்ள வா. முழுக்கச் சொல்லப் போறன். நீயும் கேள்.”
போனேன்.