இருள் என்னை நசுக்கும்

1922 ஆகஸ்ட் 9, புதன். பதுளை.

நூற்று முப்பத்தொன்பதாம் சங்கீதத்தில் 'இருள் என்னை நசுக்கும்' என்று மொழிபெயர்த்திருந்தேன். மறுபார்வை பார்க்கும் போதகர், எபிரேய மூலத்தில் எழுத்துப் பிழை, 'மூடும்' என்றுதான் இருக்க வேண்டும் என்றார். போன மாதம் பசறையிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதினேன். 'நசுக்கும்' என்று நான் பெயர்த்த இந்த எபிரேய வினை வேதம் முழுவதிலும் மூன்றே வசனங்களில் வருகிறது. ஆதியாகமத்தில் சர்ப்பத்தின் தலை நசுங்குவதும், யோபுவைப் புயல் முறிப்பதும் இதே வினைதான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் 'மிதிக்கும்' என்றே இருக்கிறது. அரிய சொல் என்பதற்காக மூலத்தைத் திருத்தலாமா என்று கேட்டிருந்தேன்.

"நியாயந்தாம்மா, குழுவுல நானே பேசுறேன்" என்று சொல்லியிருந்தார். மொழிபெயர்ப்புக் குழுவில் பெண்களுக்கு இடமில்லை. அவரை நம்பினேன்.

இன்று குழுக் கூட்டம் முடிந்ததும் அதன் எழுத்தர் வெளியே வந்து சிரித்தார். "என்னங்க டீச்சர், 'நசுக்கும்'ங்கிறத நீங்களே விட்டுக்குடுத்துட்டீங்களாமே? ஐயா சொன்னாரு."

"என் கடிதத்தை வாசிக்கலையா?"

"கடுதாசியா? அப்படி ஒண்ணும் வரலைங்களே."

பின்னாலேயே போதகர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் கையெழுத்து அழகும்மா. அச்சுக்குப் போற பிரதிய நீயே எழுதிக் குடுத்துரு."

"சரிங்க ஐயா" என்றேன்.

மாலையில் எழுதி முடித்துவிட்டேன். அந்தப் பக்கம் முழுவதிலும் 'மூடும்' என்ற சொல்தான் மிக அழகாக விழுந்திருக்கிறது.