மச்சானுக்குப் போர்த்துக்கீசில் ஒரு பகிடி

அன்புள்ள அம்மாவுக்கு,

மன்னாரில் நீங்களும் அப்பாவும் சுகமாயிருக்க மாதா காக்கட்டும். நான் சுகம்.

லிஸ்பனில் றெக்ஸ் மச்சானுக்கு நிச்சயமானதல்லவா? இங்கே சந்தையில் என்னோடு வேலைசெய்யும் போர்த்துக்கீசக்காரியைக் கொண்டு, "பரபைன்ஷ் பெலு நொய்வாது, ப்ரிமு" என்று நிச்சய வாழ்த்து எழுதுவித்தேன்; ப்ரிமு என்றால் மச்சான். அவர்கள் வழக்கப்படி முடிவில் முத்தங்கள். நடுவில், "எனக்கெண்டிருந்த மாப்பிள்ளையைக் களவெடுத்திட்டாளே!" என்று சேர்க்கச் சொன்னேன். "வேண்டாம்" என்றாள், நான்தான் கேட்கவில்லை.

மச்சானுக்கு நிச்சயித்த போர்த்துக்கீசப் பொம்பிளை இனெஸ் அதை வாசித்து அழுதாளாம். மச்சானைக் கேலியும் பகிடியும் பண்ணும் முறை அங்கே இல்லையாம். "விளங்கப்படுத்திக் களைச்சுப்போனன்" என்றார் மச்சான். எனக்கு வெட்கமாயிருக்கிறது அம்மா.

மச்சானின் தாய் மாமியிடம், அது வெறும் பகிடியென்று நீங்களே சொல்லுங்கள். மிளகாய்த்தூளும் அனுப்புங்கள். இங்கே பகிடி விட எனக்கு ஒருவருமில்லை, அதுதான் அப்படி எழுதுவித்தேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள் நிரஞ்சனி