எதிர்ச்சால்காரன் சாகக் கூடாது

1966, ஜூலை 4

தளவாயை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வயிற்றில் புண், உள்ளே ரத்தம் கசிகிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும். அவன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறானாம். அவன் பெண்டாட்டி பேராச்சி மான்குர்திலிருந்து மழையில் நனைந்து வந்து தாராவியில் என் பேப்பர் குடோன் வாசலில் நின்றே சொன்னாள். உள்ளே வரவில்லை. "நீங்க ஒரு எட்டு வந்து சொன்னாக் கேப்பாக, அத்தான்."

வருகிறேன் என்றேன். போகவில்லை.

இங்கே மட்டும் எழுதுகிறேன். எனக்குப் பயம். அவனும் நானும் இரட்டைப் பிள்ளைகள். அந்தக் கட்டிலில் கிடப்பது என் முகம்.

ஜூலை 5

சாயங்காலம் வயிற்றைப் பிசைந்தது. என் பெண்டாட்டி சண்முகவடிவு சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். சின்ன வயசில் எங்களில் ஒருத்தனுக்கு வயிறு வலித்தால் அம்மை இரண்டு பேருக்கும் விளக்கெண்ணெய் ஊற்றுவாள். ஒண்ணுக்கு வந்தா இன்னொண்ணுக்கும் வந்திரும் என்பாள். நல்லா இருக்கிறவன்தான் அதிகமாக அழுவான்.

அவனுக்கு வந்துவிட்டது. எனக்கு?

ஜூலை 7

தூக்கம் போனதற்குப் பாதிக் காரணம் அந்த நாவல்.

மாட்டுங்கா ருக்கு அம்மாள், ஆபீசில் டைப் அடிக்கிறவர், ஒரு மாதப் பத்திரிகையில் ‘எதிர்ச்சால்’ என்று தொடர்கதை எழுதினார். புத்தகமாகப் போட என்னிடம் காகிதம் கேட்டு வந்தார். படிக்காமல் நான் சரக்கு கொடுக்கிறதில்லை. பழைய பேப்பர் எடைக்கு வாங்கும்போதே நாலு வரி படித்துப் பார்க்கிற ஆள் நான்.

கதை இதுதான். சால் என்கிற வரிசை அறைக் கட்டடத்தில், ஒரே அறையில் குடியிருக்கும் வைத்தி என்ற குமாஸ்தா. எதிர்ச்சால் ஜன்னலில் ஒரு நாள் அவனைப் போலவே ஒருத்தன். வைத்தி மானேஜர் முன்னால் விழுங்கின பேச்சை, அன்று சாயங்காலமே அவன் ஜன்னலில் நின்று சத்தமாகப் பேசுகிறான். வைத்திக்குச் சட்டை தொளதொள என்று ஆக ஆக, அவனுக்குச் சட்டை இறுகிப் பிடிக்கிறது. மூணாம் அத்தியாயத்தில் ஒரு அத்தை வந்து, உன்னோடு ஒண்ணு பிறந்தது, தங்கவில்லை என்று சொல்லிப் போகிறாள்.

அந்த இடத்திலேயே எனக்குக் குளிரெடுத்தது. கடைசி அத்தியாயம் பத்திரிகையில் வரவில்லை, கையெழுத்துப் பிரதியில்தான் இருக்கிறது. அதில் வைத்தி தள்ளிவிட, எதிர்ச்சால்காரன் விழுந்து சாகிறான்.

படித்து முடித்த மறுநாள்தான் பேராச்சி வந்தாள்.

ஜூலை 8

எங்களுக்குள் என்ன தகராறு என்று யாராவது கேட்டால் சொல்ல இரண்டு வரி போதும். பஜாரில் என்னைத் தளவாய் என்றும் அவனை நான் என்றும் நினைத்து ஆள்கள் பேசுவது வழக்கம். ஒரு தடவை என் பேரில் அவன் சரக்கு எடுத்துவிட்டான். கடை கடையாகப் போய், மீசையைப் பார்த்து ஏமாறாதீங்க, அவன் நான் இல்லை என்று சொல்லி வைத்தேன். வியாபாரத்தில் அது சரியான காரியம்தான். இன்றைக்கும் அதையே செய்வேன்.

அவன் மறுநாள் மீசையை எடுத்துவிட்டு மான்குர்துக்குப் போய்விட்டான். ஆறு வருஷமாகப் பேச்சில்லை, பார்வையில்லை.

ஜூலை 10 – ஞாயிறு

மாட்டுங்காவுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு மாட்டுங்கா பஸ்ஸில் ஏறினேன். என் கால் எதற்குப் பின்வாங்கும் என்று எனக்குத் தெரியும்.

ருக்கு அம்மாளிடம் நேராகவே சொன்னேன். காகிதம் தருகிறேன், எதிர்ச்சால்காரன் சாகக் கூடாது. விலையில் வேண்டுமானால் குறைத்துக்கொள்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டார். இரட்டையில் ஒருத்தன் செத்தால் மற்றவன் கதி என்ன என்றேன்.

"யார் சொன்னா அவா இரட்டைன்னு?"

அத்தை சொன்னாளே என்றேன். அதற்காகத்தான் அத்தையை வைத்தேன் என்கிறார். ஒரே மாதிரி இரண்டு பேர் வந்தால் படிக்கிறவர் மனசு உடனே ஒரு சமாதானம் தேடும், இரட்டை என்றால் அடங்கிவிடும். அடங்கட்டும் என்று விட்டு, பிறகு ஒவ்வொன்றாக அதைப் பிடுங்க வேண்டும். இரட்டை என்பது இரண்டு ஆள், ஒவ்வொருவருக்கும் தனிப் பசி, தனிப் புத்தி. எதிர்ச்சால்காரன் அப்படி இல்லை. வைத்தி வாழாமல் விட்டதெல்லாம் சேர்ந்து உருவம் எடுத்தவன். வைத்தி நினைக்காத ஒரு வார்த்தையை அவனால் பேச முடியாது.

எப்படி நம்புவது என்றேன். பிரதியை என் முன்னால் தள்ளினார்.

"மூணாவது மனுஷா ஒருத்தராவது ரெண்டு பேரையும் சேர்த்துப் பாத்திருக்காளான்னு தேடிப் பாருங்கோ, நயினார் ஸார். ஒருத்தர் கிடைச்சாலும் நீங்க சொன்னபடி முடிவை மாத்திடறேன்."

ஜூலை 12

கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து தேடுகிறேன். சரக்கில் ஓட்டை தேடுவது என் தொழில்.

எதிர்ச்சால்காரன் தோன்றும்போதெல்லாம் வைத்தி தனியாக இருக்கிறான். ஆபீஸ் சிநேகிதன் வருகிற அன்று எதிர் ஜன்னல் சாத்தியிருக்கிறது. வைத்தி கடிகாரம் இடக்கையில் கட்டுகிறவன், எதிர்ச்சால்காரனுக்கு வலக்கையில். வைத்திக்கு வகிடு இடது, அவனுக்கு வலது. முதலில் படித்தபோது, அம்மாள் மறந்துபோய் மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். மறக்கவே இல்லை. எல்லாம் கண்ணாடிக் கணக்கு.

ஏழாம் அத்தியாயத்தில் பிடித்துவிட்டேன்! வடக்கத்திப் பால்காரன் ‘இருவருக்கும்’ இரண்டு அளவு பால் ஊற்றுகிறான். மூன்றாவது மனுஷன்! பார்த்திருக்கிறான்!

எதிர்ச்சால்காரன் பிழைத்தான். ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஜூலை 13

ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு ருக்கு அம்மாளை மாட்டுங்கா ஸ்டேஷனில் பிடித்து ஏழாம் அத்தியாயத்தைக் காட்டினேன். அவர் அந்தப் பத்தியை என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பால்காரன் இரண்டு அளவு ஊற்றுகிறான் – ஒரே பாத்திரத்தில். "நாளைலேருந்து ரெண்டு" என்று முந்தின நாள் சொன்னவன் வைத்தி.

இத்தனை வருஷம் தராசு பிடித்தவன் பாத்திரத்தைப் பார்க்கவில்லை.

கடைசிப் பத்தியை இன்னொரு தரம் படித்தீர்களா என்று கேட்டார். எதிர்ச்சால்காரன் விழுந்து செத்ததுமே நான் பிரதியை மூடிவிட்டேன் என்பதைச் சொல்லவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். மறுநாள் காலை வைத்தி ஆபீசுக்குக் கிளம்புகிறான். எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். கடிகாரம் வலக்கையில் இருக்கிறது.

அப்படியானால் செத்தது யார்?

"அதான் நாவல்," என்றார். "தன்னில் ஒரு பாதியைக் கொன்னவன் முழுசா மிஞ்ச முடியாது. முடிவை மாத்தினா முதல் பக்கத்திலேருந்து எல்லாம் பொய்யாயிடும்."

வண்டியில் வரும்போது, என் கடிகாரம் எந்தக் கையில் என்று குனிந்து பார்த்தேன். இடக்கைதான். ஆனாலும் பார்த்தேன், பார்த்தியா நயினார்?

ஜூலை 14

பேராச்சி மறுபடி வந்தாள். மூணு நாளில் கத்தி வைக்காவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை கெஞ்சவில்லை. "நீங்க வந்தா வாங்க. வராட்டி அவுகளுக்கு அண்ணனே இல்லன்னு நான் சொல்லிருதேன்."

அண்ணனே இல்லை. ஆறு வருஷமாக மூணாவது மனுஷர் ஒருத்தர்கூட இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை என்றால் – அப்போ அவன் யாரு? நான் யாருலே?

ஜூலை 15

போனேன்.

வார்டு வாசலில் கால் நின்றுவிட்டது. நாலாவது கட்டில். சவரம் செய்யாமல் மீசை திரும்பவும் முளைத்திருந்தது. கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து – நான்தான். சத்தியமாக நான்தான் கிடந்தேன். திரும்பி நடந்துவிட்டேன்.

நர்ஸ் ஒருத்தி, கோவாக்காரி போல, எதிரே வந்தவள் என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கட்டிலைப் பார்த்து ஹிந்தியில் சொன்னாள்: உன் அண்ணன் வந்திருக்கிறான், நீ எழுந்து ஓடுகிறாய் என்று பயந்துவிட்டேன்.

பார்த்துவிட்டாள். இரண்டு பேரையும், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்.

என் கால் அப்புறம்தான் கட்டில் பக்கம் நகர்ந்தது.

தளவாய் என்னை ஏறிட்டுப் பார்த்தான். "எலே, நீ என்னடே எனக்கு முன்னால செத்தவன் மாதிரி வந்து நிக்க?" என்றான். நாவல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மகள் செண்பகவல்லி பத்திரிகையை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுவாளாம்.

"அந்த எதிர்ச்சால்காரன் செத்தாச் சாகட்டும். அவனுக்குச் சோறு போட ஒருத்தி உண்டா? பிள்ள உண்டா? ஒருத்தனும் அவனைத் தேடி வரல. அப்பவே எனக்குத் தெரியும்டே, அவன் ஆளே இல்லன்னு."

நான் பக்கம் பக்கமாகத் தேடினேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் நினைக்காத ஒன்றை அவன் சொல்கிறான்.

ஆபரேஷனுக்கு ஏன் மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் பயம்தான். ஆனால் அவன் பயம் வேறு. மயக்க மருந்து கொடுத்தால் உளறிவிடுவோமோ, உன்னைக் கூப்பிட்டுவிடுவோமோ என்று இருந்ததாம். "அதான் நீயே வந்துட்டியே."

பேராச்சி கூஜாவிலிருந்து கஞ்சித் தண்ணீர் ஊற்றினாள். அவனுக்கு ஒரு டம்ளர். எனக்கு ஒரு டம்ளர்.

ஜூலை 17

கத்தி வைத்தார்கள். வெளியே நானும் பேராச்சியும். வயிறு வலிக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அவன் வலி அவனுக்கு மட்டும் என்றால், அவன் சாவும் அவனுக்கு மட்டும்தானே. நான் மிஞ்சிவிடுவேனே.

ஜூலை 18

கண் திறந்தான். தண்ணீர் கேட்டான். தரக் கூடாதாம். என்னைத் திட்டினான்.

ஆகஸ்ட் 2

ருக்கு அம்மாளுக்குக் காகிதம் அனுப்பியாயிற்று. முடிவில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பால்காரன் இடத்தை மட்டும், என்னைப் போன்ற அவசரக்காரனுக்காக, கொஞ்சம் அழுத்தி எழுதச் சொன்னேன். எழுத மாட்டேன் என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 21 – ஞாயிறு

மான்குர்த் போயிருந்தேன். தளவாய் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மீசையை மறுபடி எடுத்துவிட்டான். ஏன் என்றேன், இதுதான் எனக்கு நல்லா இருக்கு என்றான். மோர் குடித்தான். எனக்கு மோர் ஆகாது.

பேசி முடித்தது இவ்வளவு. செம்பூரில் நான் பிடித்திருக்கும் புதுக் கடை அவன் பொறுப்பு, பலகையில் அவன் பேர் மட்டும். சரக்கு தாராவியிலிருந்து போகும், லாபத்தில் பாதிப் பாதி. யாராவது அவன் என்று நினைத்து என்னிடம் பேசினால், பேச்சு முடிகிற வரை காத்திருக்காமல் முதல் வார்த்தையிலேயே நான் சொல்லிவிட வேண்டும்: தளவாய் என் தம்பி, வேற ஆளு. அவனும் அப்படியே. கடைசி நிபந்தனை பேராச்சி போட்டது: மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு பேரும் ஒரே பந்தியில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சம்மதித்தேன்.