நகையில்லாத சீதையை விடுவிக்கக் கோருதல்

அனுப்புநர்:
அம்பா பாய்,
க/பெ. சங்கர ராவ்,
தோல்பாவைக் கூத்துக் குழு,
முகாம்: அம்மன் கோயில் திடல், முத்தையாபுரம்.

பெறுநர்:
உயர்திரு சார் ஆட்சியர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: சோதனைச் சாவடியில் பூட்டி வைக்கப்பட்டுள்ள சீதை முதலிய ஐந்து பாவைகளை வியாழக்கிழமைக்குள் விடுவிக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திரைக்குப் பின்னால் பாவைகளை ஆட்டுகிறவர் என் கணவர். சீதை, கைகேயி, சூர்ப்பனகை எல்லோருக்கும் குரல் நான்தான். ஆகவே இம்மனுவில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. கடந்த 11-ந் தேதி எங்கள் பாவைப் பெட்டியைச் சாவடியில் இறக்கினார்கள். தோணியில் வந்த கள்ளத்தோல் என்று சந்தேகம். கடற்கரை ஊரில் அது நியாயமே. எழுத்தர் திரு. ஜெபசீலன் பட்டியல் கேட்டார். ராமர், லட்சுமணர், சீதை, ராவணன், சூர்ப்பனகை என்று எல்லாப் பெயர்களையும் நானே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவர் ஒரு பெயருக்கு ஒரு பாவை வீதம் திருப்பித் தந்துவிட்டு, மிச்சத்தைப் பீரோவில் பூட்டினார். "பட்டியல்ல ஒரு சீதைதானம்மா இருக்கு. இது யாரு வீட்டுச் சீதை?" என்று கேட்டார்.

3. ஐயா, எங்கள் கூத்தில் ஒருவருக்கு ஒரு பாவை போதாது. நாடகக்காரர் வேஷத்தை மாற்றுவார். ஆட்டுத்தோலுக்குச் சேலை மாற்ற முடியுமா? அரண்மனை ராமருக்குக் கிரீடம், காட்டு ராமருக்குச் சடைமுடியும் மரவுரியும். உடம்பு மட்டும் இருவருக்கும் ஒரே நீலம், மூக்கும் ஒரே கூர்மூக்கு. அதை வைத்துத்தான் ஆள் ஒன்று என்று சனம் கண்டுகொள்கிறது. சாவடிப் பதிவேட்டில் காட்டு ராமரும் தம்பியும் "சடைச்சாமி – 2" என்றும், அரக்கி வடிவச் சூர்ப்பனகை "பல் நீண்ட பெண் – 1" என்றும் இருக்கிறார்கள். "காவி கட்டிய பெரியவர் – 1" என்பது சந்நியாசி வேஷத்து ராவணன். காவியும் கமண்டலமும் பொய், பிதுங்கிய உருண்டைக் கண் நிஜம். நல்லவர்களுக்கு நாங்கள் நீளக் கண்தான் வெட்டுவோம்.

4. அந்தப் பெரியவர் இல்லாத குறையால், சனிக்கிழமை பத்துத் தலை ராவணனே செக்கச்செவேல் என்று பிச்சை கேட்டு வந்து நின்றான். நான் சீதையாக, "வாருங்கள் சுவாமி" என்றேன். உப்பளத்தில் வேலை பார்க்கும் சீனித்தாய் எழுந்து, "ஏளா, தலைய எண்ணிப் பாரு! கதவச் சாத்து!" என்று கத்தினாள். திடலே சிரித்தது. திரைக்குப் பின்னால் நானும் சிரித்துத் தொலைத்தேன், மறைப்பானேன்.

5. நேற்றுதான் மானம் போயிற்று. "அழுத நிலையில் உட்கார்ந்த பெண் – 1" என்று பூட்டியிருக்கிறார்களே, அவள்தான் அசோகவனச் சீதை. ஒற்றைச் சடை, அழுக்கு மஞ்சள் சேலை. உடம்பில் உளித் துளை அதிகம் கிடையாது. எங்கள் பாவைகளில் நகை என்பது துளைதான். தோலில் பொடிப்பொடியாக வெட்டிய துளை வழியே விளக்கு வெளிச்சம் வந்தால் அட்டிகை மின்னும். என்னிடம் இருப்பதோ கல்யாணச் சீதை, கழுத்து நிறையத் துளை. என்ன செய்வேன்? பின்பக்கம் கறுப்புக் காகிதத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டித் துளைகளை அடைத்தேன்.

அனுமார் வரும்வரை சரியாக இருந்தது. பிறகு விளக்குச் சூட்டில் பசை காய்ந்து, காகிதம் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கியது. "நாயகனைப் பிரிந்து வாடுகிறேன்" என்று நான் அழ, சீதைக்குக் கம்மல் மின்னிற்று. விம்மினேன், அட்டிகை வந்தது. கோவென்று கதறினேன், ஒட்டியாணமே வந்துவிட்டது! அனுமார் நீட்டிய மோதிரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. "ராவணன் நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று ஒரு குரல், அதற்குமேல் விசில்.

6. இன்று காலை விழாக் கமிட்டித் தலைவர் காசிலிங்கம் அண்ணாச்சி வந்தார். "இவளுக்காக ராமர் எதுக்குச் சண்டைக்குப் போவணும்னு சனம் கேக்குது. வியாழக்கிழமை அசோகவனத்தைத் திரும்பப் போடுங்க. இல்லன்னா கூத்து இத்தோட சரி" என்று சொல்லிவிட்டார். தொடங்கிய ராமாயணத்தைப் பட்டாபிஷேகம் வரை கொண்டுபோகாமல் நாங்கள் எந்த ஊரையும் விட்டுக் கிளம்பியதில்லை. அதைவிட, தெருக்குழாயில் என்னைப் பார்த்து, "அட்டிகை எத்தனை பவுன், அக்கா?" என்று கேட்கிறார்கள். சீதைக்காகப் பத்தொன்பது வருடம் அழுதவள் நான், ஐயா. எனக்கு வலிக்கிறது.

7. ஐவரும் எங்களவர்களே. திரு. ஜெபசீலன் மீது எனக்குக் கோபமில்லை, நல்ல மனிதர். சந்தேகமிருந்தால் இரண்டு சீதைகளையும் விளக்கின் முன் அருகருகே பிடித்துப் பார்க்கட்டும். நகையை விட்டுவிட்டு மூக்கையும் கண்ணையும் பார்த்தால் போதும்.

ஐவரையும் ஒருசேர விட முடியாவிட்டால் அந்த ஒருத்தியை மட்டுமாவது வியாழன் மாலைக்குள் அனுப்ப உத்தரவிட வேண்டும். என்னிடம் இருப்பவளுக்காக ராமர் வில்லெடுக்க முத்தையாபுரம் சம்மதிக்காது. அவர் யாருக்காகப் போருக்குப் போக வேண்டுமோ, அவள் சாவடிப் பீரோவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

தங்கள் உத்தரவுக்காகத் திரை கட்டிக் காத்திருக்கும்,

அம்பா பாய்
(சீதையின் குரல்)

இடம்: முத்தையாபுரம்
நாள்: 18-6-1974, செவ்வாய்