பள்ளி வாசலில் நீ சொன்ன பதில்

இன்று நாலு மணிக்குப் பள்ளி வாசலில் ஒருத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள். புடவைக் கரையெல்லாம் ஈரச் சேறு. நடவு வயலின் அந்த வாசனை மூக்கில் ஏறியதும், முதல் நாள் நீ என் பக்கம் வந்து நின்றது நினைவுக்கு வந்துவிட்டது.

"ஹலோ," என்றாய். போனில் பேசுகிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய்.

"வணக்கம்னு சொன்னா ஓட்டு கேக்க வந்தாப்ல இருக்குங்க. உங்க பாப்பா இன்னா கிளாஸு?"

"ஒண்ணாங் கிளாஸு."

"எங்களுதும் அதே கிளாஸுதான். புச்சா சேத்துகீறோம்."

பிள்ளைகளின் பேரைக் கேட்டுக்கொண்டோம். டீச்சர் கண்டிப்பா, சத்துணவில் முட்டை தினமும் உண்டா என்று பேச்சு போனது. அப்புறம் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாய்.

"ஸ்கூலு நாலு மணிக்கு வுட்டுடுதுங்க. நடவுல இருந்து கெளம்பி நான் பஸ் புடிச்சு வர நாலரை ஆயிடுது. அதுவரைக்கும் எங்க பாப்பாவ உங்க கூட நிக்க வெச்சுக்க முடியுமா?"

முடியும் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் என்ன செய்தேன்? "எந்த ஊரு?" என்றேன். சாலவாக்கம் பக்கம் என்றாய். அதோடு விட்டேனா? "ஊர்லயா, காலனியா?" என்று கேட்டேன். எங்கள் தெருவில் புது ஆளிடம் எல்லாரும் கேட்கிற கேள்விதான். சாதியைக் கேட்கிறோம் என்று எங்களுக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும்.

உனக்கு அன்று என் உதவி தேவை. ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். நீ என் முகத்தை நேராகப் பார்த்தாய்.

"காலனிதாங்க. அதனால முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஆளப் பாத்துக்கறேன்."

குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "வெச்சுக்கறேன்," என்றேன். அது மட்டும்தான் வாயில் வந்தது. உடனே போனை எடுத்து, "நம்பர் சொல்லுங்க, மிஸ்டு கால் குடுக்கறேன்," என்றாய், ஒன்றும் நடக்காத மாதிரி.

நாலு வருஷம் அந்த அரைமணி நேரம் நம் பிள்ளைகள் என்னோடு நின்றார்கள். நாம் எப்போது வா, போ என்று பேச ஆரம்பித்தோமோ தெரியவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன் அம்மா வந்து கூட்டிப் போகும்வரை உன் மகள் இன்னும் என்னோடுதான் நிற்கிறாள்.

போன வாரம் ஒரு புது அம்மா அவளிடம் குனிந்து, "எந்த ஊரு கண்ணு? ஊர்லயா, காலனியா?" என்றாள். நான் குறுக்கே போவதற்குள் உன் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"காலனி. ஏன் ஆன்ட்டி கேக்கறீங்க?"

அன்று நான் உன்னிடம் வாங்கியிருக்க வேண்டிய கேள்வி அது. உன் பெண்ணை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.